280 ரூபாய்க்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்: VLOOKUP பாடத்துக்கு ஒரு திரைப்பதிவு ஸ்கிரிப்ட்

எக்செல் தரும் தப்பான விடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று கத்தும். #N/A என்றோ #VALUE! என்றோ செல்லில் வந்து நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்னொன்று கத்தாது. நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கும், கூட்டலிலும் சேர்ந்துவிடும். VLOOKUP ஃபார்முலா இந்த இரண்டையும் தரக்கூடியது. அதைச் சொல்லித்தர ஐந்தரை நிமிடத் திரைப்பதிவு ஒன்றுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட் இது. எந்த நொடியில் எதை ஏன் வைத்தேன் என்ற குறிப்புகளும் கூடவே வருகின்றன.

மனதில் வைத்திருக்கும் ஆள் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடையில் எக்செலில் பில் போடுகிறவர். கம்ப்யூட்டரில் எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடத்தைக் கைபேசியில் பார்ப்பவர். இந்த இரண்டாவது விஷயம்தான் ஜூம் எங்கே வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் தாளைத் தயார் செய்ய வேண்டும். பதிவு ஓடும்போது தரவைத் தட்டச்சு செய்வது பார்ப்பவருக்கு வீண் காத்திருப்பு. இடது பக்கம் பில்: A நெடுவரிசையில் பொருள் எண், B-இல் விலை, C-இல் எத்தனை, D-இல் தொகை. E காலி. வலது பக்கம் F, G, H-இல் விலைப்பட்டியல். முதல் வரிசை தலைப்பு.

```
F     G               H
101   சுவிட்ச்           35
104   பிளக் பாயிண்ட்     60
107   பல்பு ஹோல்டர்     25
112   எல்.இ.டி. பல்பு    110
115   ரெகுலேட்டர்       280
120   சீலிங் ஃபேன்      1850
```

பில்லில் நான்கு வரிகள்: 112 நாலு, 104 மூணு, 118 ரெண்டு, 101 ஆறு. D-இல் `=B2*C2` மாதிரி பெருக்கலும், D6-இல் மொத்தமும் முன்பே போட்டாகிவிட்டது. B மட்டும் காலி.

118 பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? அது புதிதாக வந்த எக்ஸாஸ்ட் ஃபேன், விலை 1,150 ரூபாய். சரக்கு கடைக்கு வந்துவிட்டது, பட்டியலில் யாரும் ஏற்றவில்லை. பாடம் முழுவதும் இந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கிறது. அதனால் ஸ்கிரிப்ட்டில் பாதி வழி வரை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உண்மையில் விலைப்பட்டியல் தனித் தாளில் இருப்பதுதான் வழக்கம், அதுவே நல்லதும்கூட. ஆனால் காணொளியில் தாள் மாறினால் பார்ப்பவர் முந்தைய எண்ணை மறந்துவிடுவார். பில்லும் பட்டியலும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பதிவு 1920×1080 அளவில். எக்செல் தாளின் பெரிதாக்கல் 200 சதவீதம். மேலே இருக்கும் மெனுப் பட்டையை Ctrl+F1 அழுத்தி மடக்கிவிட்டால் இடம் கிடைக்கும். எட்டு நெடுவரிசையும் பத்து வரிசையும் தாராளமாக அடங்குகின்றன. இப்படிச் செய்துவிட்டால் செல்லில் இருக்கும் எண்களுக்கு எடிட்டிங்கில் ஜூம் தேவையே இல்லை. தாளே பெரிதாக இருக்கிறது.

தாளைப் பெரிதாக்கினாலும் பெரிதாகாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மேலே இருக்கும் ஃபார்முலா பட்டை. இன்னொன்று, ஃபார்முலா அடிக்கும்போது செல்லுக்குக் கீழே மிதக்கும் உதவிக் குறிப்பு. முதலாவதற்கு வழி சுலபம்: பட்டையைக் காட்டவே வேண்டாம், F2 அழுத்தி செல்லுக்குள்ளேயே ஃபார்முலாவைத் திறந்தால் அது தாளோடு சேர்ந்து பெரிதாகத் தெரியும். இரண்டாவதற்கு எடிட்டிங்கில் ஜூம் செய்தே ஆக வேண்டும். அதிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் நான் போவதில்லை. 1080 பதிவில் இரண்டு மடங்கு ஜூம் என்றால் 960×540 அளவுள்ள துண்டை இழுத்து முழுத்திரையாக்குகிறோம். எழுத்தின் ஓரம் கொழகொழவென்று ஆகிவிடும்.

இனி ஸ்கிரிப்ட்.

0:00 – 0:25
திரை: முழுத் தாள். B2 தேர்வாகி இருக்கிறது. சுட்டி அசையக் கூடாது.
குரல்: "இடது பக்கம் நம்ம பில். வலது பக்கம் விலைப்பட்டியல். பில்லுல பொருள் எண் மட்டும் அடிப்போம், விலை தானா வரணும். பட்டியலைப் பார்த்துப் பார்த்து கையால எழுதாம, VLOOKUP-ஐ எடுத்து வரச் சொல்லுவோம்."

வணக்கம், என் பெயர் இன்னது என்று ஆரம்பிக்கவில்லை. ஃபார்முலா தேடி வந்தவருக்கு முதல் இருபது நொடியில் தாள் புரிந்தால் போதும்.

0:25 – 1:20
திரை: B2-இல் `=VLOOKUP(` என்று அடித்து நிறுத்து.
ஜூம், 0:33: உதவிக் குறிப்பின் மேல், ஒன்றரை மடங்கு. 0:52 வரை அப்படியே.
குரல்: "கீழ வந்திருக்கிற வரியைப் படிங்க. lookup_value, எதைத் தேடணும். table_array, எங்க தேடணும். col_index_num, அங்க எத்தனையாவது நெடுவரிசையில இருந்து எடுக்கணும். கடைசியா ஒண்ணு சதுர அடைப்புல இருக்கு. சதுர அடைப்புன்னா, விட்டாலும் எக்செல் திட்டாதுன்னு அர்த்தம். இப்போதைக்கு விட்டுடுவோம்."
திரை, 0:53: ஜூம் விலகிய பிறகுதான் மீதியை அடி. A2-ஐச் சொடுக்கு, கமா, F2 முதல் H7 வரை சுட்டியால் இழு, கமா, 3, எண்டர்.

```
=VLOOKUP(A2,F2:H7,3)
```

குரல், 1:10: "110 ரூபாய். 112 எல்.இ.டி. பல்பு. சரியா இருக்கு."

ஜூம் ஆகி இருக்கும்போது எதையும் அடிக்கவும் கூடாது, சுட்டியை ஓட்டவும் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். பெரிதாக்கிய திரையில் சுட்டியும் அதே மடங்கு வேகமாக ஓடுவது போலத் தெரியும். கண் அதைத் துரத்திக்கொண்டு போய்விடும். ஜூம் என்பது படிக்க மட்டும். கை வேலை எல்லாம் முழுத் திரையில். இன்னொன்று, ஜூம் உள்ளே போவது குரலுக்கு அரை நொடி முன்னால் தொடங்க வேண்டும். பேச ஆரம்பித்த பிறகு திரை நகர்ந்தால் முதல் இரண்டு சொல் காதில் விழாது.

1:20 – 2:20
திரை: B2-இன் கீழ் வலது மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்து B5 வரை இழு.
குரல்: "இதையே கீழ இழுக்கிறேன். கடைசி வரியில #N/A. 101 சுவிட்ச். ஆனா 101 பட்டியல்ல முதல் ஆளா இருக்கே?"
திரை, 1:38: B5-இல் F2.
ஜூம்: இங்கே கூடாது.

F2 அழுத்தியவுடன் எக்செல் தேடும் இடத்தைச் சுற்றி ஒரு வண்ணக் கட்டம் போடும். அந்தக் கட்டம் F5-இல் ஆரம்பித்து H10-இல் முடிகிறது. பாதி பட்டியலுக்குக் கீழே வெற்று இடத்தில் தொங்குகிறது. ஃபார்முலாவை இழுத்தபோது தேடும் இடமும் கூடவே மூன்று வரிசை இறங்கிவிட்டது. 101 அந்தக் கட்டத்துக்கு மேலே தப்பி நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஃபார்முலாவும் தெரிய வேண்டும், கட்டமும் தெரிய வேண்டும். கிட்டே போனால் ஒன்று போய்விடும். பாடத்தின் முக்கியமான இடம் என்றாலே ஜூம் போடும் பழக்கம் இங்கே காரியத்தைக் கெடுக்கும்.

குரல்: "கலர் கட்டத்தைப் பாருங்க. கீழ நழுவிடுச்சு. அதை ஆணி அடிச்சு நிறுத்தணும்."
திரை, 1:55: Esc. B2-க்குப் போய் F2. F2:H7 என்ற பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து F4.

```
=VLOOKUP(A2,$F$2:$H$7,3)
```

குரல்: "டாலர் குறி வந்துடுச்சா? மடிக்கணினில வரலைன்னா Fn-ஐயும் சேர்த்து அழுத்துங்க. எண்டர். மறுபடி கீழ இழுக்கிறேன்."

முழுவதையும் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், கர்சர் H7 பக்கத்தில் மட்டும் நின்றால் அதற்கு மட்டுமே டாலர் விழக்கூடும். பாதி ஆணி அடித்த பட்டியல் இன்னும் மோசம்.

2:20 – 2:30
திரை: B2:B5-இல் 110, 60, 280, 35. மொத்தம் 1390.
குரல்: "நாலும் வந்துடுச்சு." பிறகு ஆறு நொடி மௌனம்.

இந்த மௌனத்தை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவைக்காவிட்டால் எடிட் செய்கிறவர் வெட்டி எறிந்துவிடுவார். அது வேலை செய்யும் மௌனம். கத்திக்கொண்டிருந்த #N/A போய்விட்டது, திரையில் எங்கேயும் பிழை இல்லை, மொத்தம் வந்துவிட்டது. பார்ப்பவர் தளர்வாக உட்காரும் நேரம் இது. இதே தளர்வில்தான் கடையில் பில் அச்சாகிப் போகிறது.

2:30 – 3:20
குரல்: "மூணாவது வரி. 118. பட்டியல்ல 118 எங்க இருக்கு, தேடுங்க."
ஜூம், 2:38: A4:B4-உம் பட்டியலின் கடைசி இரண்டு வரியும் சேர்ந்து தெரியும் அளவுக்கு மட்டும். அகலம் வேண்டும் என்பதால் 1.2 மடங்குதான் கிடைக்கும், போதும்.
குரல்: "இல்லை. 115 இருக்கு, 120 இருக்கு, நடுவுல 118 இல்லவே இல்லை. அப்ப 280 எங்கிருந்து வந்துச்சு? 115-ஓட விலை. ரெகுலேட்டர் விலை. 1,150 ரூபா எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டு, ஒண்ணு 280-க்குப் போயிடுச்சு. இந்த ஒரு பில்லுல 1,740 ரூபா நஷ்டம். எக்செல் ஒரு வார்த்தை சொல்லலை."

விளக்கம் இதுதான். நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் எக்செல் அதை TRUE என்று எடுத்துக்கொள்ளும். TRUE என்றால் தோராயப் பொருத்தம்: தேடும் எண் கிடைக்காவிட்டால், அதைவிடச் சிறியவற்றில் பெரியது எதுவோ அதை எடு. 118 இல்லையா, சரி, 115. 101-ஐவிடச் சிறிய எண் ஒன்றைத் தேடினால் மட்டும் எடுக்க ஒன்றும் இல்லாமல் #N/A வரும். முன்பு B5 கத்தியதும் அதே காரணத்தால்தான். நழுவிய கட்டத்தில் 112-தான் முதல் எண், அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஆக இழுத்தவுடன் நடந்தது என்ன? பட்டியலில் இருக்கும் சுவிட்சுக்குப் பிழை, இல்லாத ஃபேனுக்கு விலை.

பட்டியலை நான் வேண்டுமென்றே ஏறுவரிசையில் வைத்திருக்கிறேன். வரிசை குலைந்த பட்டியலில் TRUE இன்னும் தாறுமாறாகப் போகும், ஏனென்றால் வரிசையாக இருக்கிறது என்று நம்பித்தான் அது பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. இருக்கிற எண்ணுக்கே வேறு விலை வரலாம். ஆனால் அந்த உதாரணத்தைக் காட்டினால், "வரிசைப்படுத்திவிட்டால் சரியாகிவிடும்" என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். சரியாகாது. மேலே இருப்பது ஒழுங்காக வரிசைப்படுத்திய பட்டியல்தான்.

TRUE ஏன் இருக்கிறது என்றால், படிநிலைக் கணக்குகளுக்காக. விற்பனை 10,000-இலிருந்து 2 சதவீதம், 25,000-இலிருந்து 3 சதவீதம் கமிஷன் என்று பட்டியல் இருந்தால், 18,000-க்கு 10,000 வரிசையின் விகிதம்தான் வேண்டும். அங்கே TRUE தங்கம். பொருள் எண்ணுக்கு விஷம். கமிஷன் உதாரணத்தை இந்தப் பதிவிலேயே சொருகலாம் என்று தோன்றும். சொருகினால் எது எதற்கு என்பது குழம்பிவிடும். அது தனிப் பாடம்.

3:20 – 4:00
திரை: B2-இல் F2, 3-க்குப் பிறகு கமா. எக்செல் TRUE, FALSE என்று இரண்டு தேர்வு காட்டும்.
ஜூம், 3:27: அந்தச் சின்னப் பெட்டியின் மேல், ஒன்றரை மடங்கு, ஐந்து நொடி.
குரல்: "Approximate match, Exact match. நமக்கு ரெண்டாவது."

```
=VLOOKUP(A2,$F$2:$H$7,3,FALSE)
```

திரை, 3:40: கீழே இழு. B4-இல் #N/A. D4, D6 இரண்டிலும் #N/A.
குரல்: "பில்லே நின்னுடுச்சு. நல்லது. விலை தெரியாத பொருளோட பில் நிக்கத்தான் வேணும்."

4:00 – 4:45
குரல்: "ஆனா #N/A-ன்னா என்னன்னு கல்லாவுல நிக்கிறவருக்குத் தெரியாது. தமிழ்லயே சொல்ல வைப்போம்."

```
=IFNA(VLOOKUP(A2,$F$2:$H$7,3,FALSE),"பட்டியலில் இல்லை")
```

திரை: தமிழ்ச் சொற்களை நோட்பேடில் அடித்து வைத்துக்கொண்டு ஒட்டு. பதிவு நடுவே விசைப்பலகை மொழியை மாற்றினால் அதற்கே பத்து நொடி போகும்.
குரல், 4:30: "இப்ப B4-ல பட்டியலில் இல்லை. மொத்தத்துல #VALUE!. பில் இன்னமும் நிக்குது."

இந்த இடத்தில் `IFERROR(...,0)` போடச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். திரை சுத்தமாகத் தெரியும் என்பது உண்மை. அப்படிப் போட்டால் ஃபேனின் விலை பூஜ்யம், மொத்தம் 830. முன்பு 280-க்குப் போன ஃபேன் இப்போது இலவசமாகப் போகிறது. அதோடு IFERROR எல்லாப் பிழையையும் விழுங்கும். ஃபார்முலா பெயரை VLOKUP என்று தப்பாக அடித்திருந்தால்கூட பூஜ்யம்தான் காட்டும். IFNA கிடைக்கவில்லை என்ற ஒரு பிழையை மட்டும் பிடிக்கிறது. எக்செல் 2013-இலிருந்து இது இருக்கிறது.

4:45 – 5:30
திரை: F8, G8, H8-இல் 118, எக்ஸாஸ்ட் ஃபேன், 1150 என்று ஏற்று.
குரல்: "பட்டியல்ல ஏத்தியாச்சு. ஆனா B4 மாறலை. ஏன்? நம்ம ஆணி ஏழாவது வரிசையில அடிச்சது. எட்டாவது வரிசை வெளிய நிக்குது. முழு நெடுவரிசையையும் கொடுத்துடுவோம்."

```
=IFNA(VLOOKUP(A2,$F:$H,3,FALSE),"பட்டியலில் இல்லை")
```

திரை, 5:18: கீழே இழு. B4-இல் 1150, மொத்தம் 3130.
ஜூம்: D6, 1.3 மடங்கு, நான்கு நொடி. பிறகு வெட்டு.

118 கடைசி வரியில், 120-க்குக் கீழே நிற்பதைக் கவனித்து யாராவது கேட்பார்கள். FALSE போட்டுவிட்டதால் வரிசை முக்கியமில்லை. ஆனால் ஒரே எண் இரண்டு முறை இருந்தால் மேலே இருப்பதைத்தான் எடுக்கும். விலை ஏறியதும் பழைய வரியை விட்டுவிட்டு அடியில் புது வரி சேர்க்கும் கடைகளில் பழைய விலையே வந்துகொண்டிருக்கும். FALSE இதைப் பிடிக்காது, IFNA-வும் பிடிக்காது. பழைய வரியைத் திருத்துவதுதான் வழி.

XLOOKUP ஏன் சொல்லித்தரவில்லை என்றும் கேள்வி வரும். அது தானாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும். மேலே உள்ள தகராறு அதில் கிடையாது. எக்செல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. 2016 அல்லது 2019 ஓடும் கணினியில் அதை அடித்தால் #NAME? வரும். யாரிடம் எந்தப் பதிப்பு என்று தெரியாத பாடத்துக்கு VLOOKUP-தான் ஒத்துவருகிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே ஃபார்முலா அப்படியே ஓடும். நான்காவது உள்ளீட்டை விட்டால் TRUE என்று எடுத்துக்கொள்வதும் அங்கே அப்படியேதான்.